தண்டுவட அழுத்தம்: அறிக்கையில் 'உடனடி' என்று இருந்தால்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். சில வாரங்களாக நடுமுதுகில் வலி. நேற்றிலிருந்து கால் தள்ளாடுகிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'டி8 முள்ளெலும்பு மட்டத்தில் தண்டுவட அழுத்தம், உடனடி நரம்பியல் அறுவைச் சிகிச்சை ஆலோசனை தேவை' என்று உள்ளது. மருத்துவரைப் பார்க்கத் திங்கட்கிழமைதான் நேரம் கிடைத்தது. அதுவரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, அறிக்கையுடன் படங்கள் உள்ள சிடியையும் எடுத்துக்கொண்டு, ஆம்புலன்ஸில் அம்மாவைப் படுக்க வைத்து இப்போதே அழைத்துச் செல்லுங்கள்.

ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். முதுகு எம்.ஆர்.ஐ. அறிக்கைகளில் ஜவ்வு பிதுங்கல், தேய்மானம் என்று எதையாவது எழுதாமல் விடுவது அபூர்வம். அவற்றையெல்லாம் 'அறிகுறிகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று முடித்துவிடுவோம். 'உடனடி' என்று நாங்கள் எளிதில் எழுதுவதில்லை, எழுதினால் அனுப்பிய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தும் சொல்வோம். தண்டுவடத்தைச் சுற்றி வெள்ளையாகத் தெரிய வேண்டிய நீர், எலும்பிலிருந்து வளர்ந்த கட்டியால் அந்த இடத்தில் மட்டும் மறைந்து, தண்டுவடமே நசுங்கித் தெரியும்போதுதான் அந்தச் சொல் வரும்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், கட்டி அழுத்தும்போது முதலில் அடைபடுபவை மெல்லிய சிரைகள். இரத்தம் தேங்கித் தண்டுவடம் வீங்குகிறது. இந்த நிலையில் கால் பலவீனமாக இருந்தாலும் பெருமளவு மீளும் வாய்ப்பு உண்டு. அழுத்தம் நீடித்து, உள்ளே வரும் இரத்தமும் நின்றுவிட்டால் நரம்புத் திசு செத்துவிடும். அதன்பின் கட்டியை அகற்றினாலும் அது உயிர் பெறாது. சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முழுவதும் செயலிழந்த பிறகு வருபவர்களில் மீண்டும் நடப்பவர்கள் சிலரே. நேற்று தள்ளாடிய கால் இன்று எழ மறுக்கலாம், அதை வலியின் அளவைக் கொண்டு கணிக்க முடியாது.

அவசரப் பிரிவில் வலியைப் பற்றி மட்டும் சொன்னால் ஊசி போட்டு அனுப்பிவிடும் அபாயம் உண்டு. புற்றுநோய் வரலாறு, கால் எப்போது தளர்ந்தது, கடைசியாகச் சிறுநீர் எப்போது போனது, இம்மூன்றையும் முதலில் சொல்லுங்கள். அடிவயிறு உப்பியும் சிறுநீர் கழிக்கும் உணர்வே இல்லையென்றால் நிலைமை முற்றுகிறது. பஞ்சால் பாதத்திலிருந்து மேல்நோக்கித் தொட்டுவந்தால், டி8 முள்ளெலும்பு மட்ட அழுத்தத்தில் பெரும்பாலும் தொப்புளை ஒட்டி உணர்வு மாறும்; அதை மருத்துவர் சோதிப்பார்.

வீக்கத்தைத் தணிக்க வழக்கமாக டெக்ஸாமெத்தசோன் தொடங்குவார்கள். வேறு இடங்களிலும் அழுத்தம் இருக்கலாம் என்பதால் முதுகெலும்பு முழுவதையும் ஸ்கேன் எடுத்த பிறகு, அறுவையா கதிர்வீச்சா என்று முடிவு செய்வார்கள். அந்த மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சர்க்கரை ஏறும், காசநோயோ சீழோ காரணமாக இருந்தால் சிகிச்சையே வேறு. படுக்கை இல்லை என்று வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால், முதல் டோஸ் கொடுத்து அனுப்ப முடியுமா என்றும், அங்கே யாரிடம் பேசியிருக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.