சர்க்கரை சரி, பிகார்பனேட் சரியில்லை

*டாக்டர், என் கணவருக்கு வயது 54. மெட்ஃபார்மினுடன் எம்பாக்லிஃப்ளோசினும் சாப்பிடுகிறார். தைப்பூசக் காவடிக்காக விரதம் இருக்கிறார். ஒரு வேளைதான் சாப்பாடு. ஏழாம் நாள் வழக்கமான இரத்தப் பரிசோதனை எடுத்தோம். சர்க்கரை 9.8, சோடியம் 138, குளோரைடு 101, பிகார்பனேட் 15, கிரியேட்டினின் சரியாக இருக்கிறது. பிகார்பனேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நட்சத்திரக் குறி. லேசான குமட்டல் உண்டு, விரதத்தால் என்கிறார். காவடி எடுக்கலாமா?*
*ஒரு வாசகி, ரோஸ் ஹில்*

அம்மா, உங்கள் மின்னஞ்சலைப் படித்த அன்றே தொலைபேசியில் உங்களிடம் பேசிவிட்டேன். இதே மாத்திரையோடு கரேம் விரதம் இருப்பவர்கள் நம் தீவில் இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தாளில் அச்சிடப்படாத ஓர் எண் இருந்தது. சோடியத்திலிருந்து குளோரைடையும் பிகார்பனேட்டையும் கழித்தால் அது கிடைக்கும்:

138 − (101 + 15) = 22

இதற்கு ஆனியன் இடைவெளி என்று பெயர். வெங்காயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எதிர்மின் அயனியைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறினாலும், 8 முதல் 12 வரை இருப்பது வழக்கம். உங்கள் கணவருக்கு 22. அதாவது, பரிசோதனையில் அளக்கப்படாத ஏதோ ஓர் அமிலம் இரத்தத்தில் சேர்ந்திருக்கிறது. அதைச் சமன் செய்வதில்தான் பிகார்பனேட் செலவாகி, 24 அளவில் இருக்க வேண்டியது 15 ஆகிவிட்டது.

பிகார்பனேட் 15 என்பதை மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. கடுமையான வயிற்றுப்போக்கிலும் அது 15க்கு இறங்கும். ஆனால் அங்கே பிகார்பனேட் வெளியே போகிறது, அந்த இடத்தைக் குளோரைடு நிரப்புகிறது. குளோரைடு 113 என்று வந்திருந்தால் இடைவெளி 10தான்; நானும் வயிற்றைப் பற்றித்தான் விசாரித்திருப்பேன். உங்கள் தாளில் குளோரைடு நகரவே இல்லை.

சேர்ந்த அமிலம் எது? சிறுநீரகம் பழுதானால் அமிலம் தேங்கும். கிரியேட்டினின் சரியாக இருப்பதால் அது இல்லை. லாக்டிக் அமிலமாகவும் இருக்கலாம், மருத்துவமனையில் அதையும் பார்த்தார்கள். என் சந்தேகம் முதலிலேயே கீட்டோன் மீது விழுந்தது. காரணம் அந்த மாத்திரை. எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் வகை மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. சாப்பாடும் குறைந்தால் இன்சுலின் சுரப்பு தாழும், உடல் கொழுப்பைக் கரைக்கும், கல்லீரல் அதைக் கீட்டோன் அமிலங்களாக்கும். சாதாரணமாக இந்த நிலையில் சர்க்கரை 20, 25 என்று ஏறி வீட்டாரை எச்சரிக்கும். இங்கே சர்க்கரை சிறுநீரில் போய்க்கொண்டே இருப்பதால் 9.8இல் சாதுவாக நிற்கிறது. வீட்டில் விரலைக் குத்திப் பார்ப்பவர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். ஜனவரி வெயிலில் உடலில் நீர் வற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

தொலைபேசியில் பேசும்போதே அவர் மார்பைப் பார்த்து மூச்சை எண்ணச் சொன்னேன், நினைவிருக்கிறதா? நிமிடத்துக்கு 28, ஒவ்வொன்றும் ஆழமாக. படியேறிய களைப்பு என்றீர்கள். அவரோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரத்தத்தில் ஏறிய அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியே தள்ளுவதற்குத்தான் நுரையீரல் அப்படி உழைத்தது. உடனே அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னது அதனால்தான். அங்கே இரத்தக் கீட்டோன் 4.6, பிகார்பனேட் அதற்குள் 12. கீட்டோன் 3ஐத் தாண்டினாலே ஆபத்து. இன்சுலினோடு குளுக்கோஸையும் ஏற்றியதைப் பார்த்து, சர்க்கரை நோயாளிக்குக் குளுக்கோஸா என்று பதறினீர்கள். கீட்டோனை நிறுத்த இன்சுலின் வேண்டும். சர்க்கரை தாழ்ந்துவிடாமல் அந்த இன்சுலினைத் தொடர்ந்து கொடுக்கக் குளுக்கோஸ் வேண்டும்.

சிறுநீரில் பட்டை நனைத்துப் பார்ப்பது போதாதா என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். போதாது. இப்படிக் கீட்டோன் அமிலம் ஏறும்போது அதிகம் சேரும் கீட்டோனை அந்தப் பட்டை காட்டாது. நிறம் லேசாக மாறினாலும் நம்பி இருந்துவிடாதீர்கள். விரலில் எடுக்கும் இரத்தக் கீட்டோன் அளவே நம்பகமானது.

நட்சத்திரக் குறி எல்லாமே இப்படி முடிவதில்லை. குழாயில் இரத்தம் அரைகுறையாக நிரம்பியிருந்தாலும், மூடி திறந்து கிடந்தாலும் கரியமில வாயு தப்பி பிகார்பனேட் இரண்டு மூன்று குறையும், இடைவெளியும் அவ்வளவு கூடும். உடம்பில் ஒரு கோளாறும் இல்லாமல் பிகார்பனேட் 20 என்று வந்தால் மறுபடி எடுத்துப் பார்க்கலாம். 15 என்ற எண்ணும் குமட்டலும் சேர்ந்து வந்தால் மறுபரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாது.

காவடி இந்த வருடம் வேண்டாம். அந்த மாத்திரையை மருத்துவமனையிலேயே நிறுத்திவிட்டார்கள். தானாக மீண்டும் தொடங்க வேண்டாம். அடுத்த வருடக் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே விரதத்தைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த வகை மருந்து அப்போதும் சீட்டில் இருந்தால், அறுவை சிகிச்சைக்கு முன் செய்வதைப் போல விரதத்துக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தலாமா என்று கேளுங்கள்.