"நியாயமான வாடகை" என்றால் எவ்வளவு?

கேள்வி: குரோம்பேட்டையில் எங்கள் முதல் மாடி வீடு இந்த மாதக் கடைசியில் காலியாகிறது. "விசாலமான வீடு, நியாயமான வாடகை, எல்லா வசதிகளும் அருகில், உடனே அழைக்கவும்" என்று படத்தோடு வாட்ஸ்அப்பில் போட்டேன். நான்கு நாளில் ஐம்பது போனுக்கு மேல் வந்தது. வீட்டைப் பார்க்க வந்தவர்கள் இரண்டே பேர். வாடகை 15,000, அட்வான்ஸ் ஒரு லட்சம் எதிர்பார்க்கிறேன். எப்படி எழுதினால் சரியாக இருக்கும்?

பதில்: அந்த ஐம்பது பேரும் கேட்ட முதல் கேள்வி "வாடகை எவ்வளவுங்க?" என்பதாகத்தான் இருந்திருக்கும். 10,000 ரூபாய்க்குத் தேடுகிறவருக்கும் 20,000 வரை கொடுக்கத் தயாராக இருப்பவருக்கும் "நியாயமான வாடகை" என்பது ஒரே மாதிரிதான் தெரியும். தொகையைப் போட்டிருந்தால் பாதிப் பேர் போனே செய்திருக்க மாட்டார்கள். அது உங்களுக்கு நல்லதுதானே?

15,000 என்று எழுதினால் மட்டும் போதாது. அதில் தண்ணீரும் மெயின்டனன்ஸும் சேர்த்தியா, தனியா என்பதையும் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வீடு பார்த்து, பிடித்து, முன்பணம் கொடுக்கும் நேரத்தில் "தண்ணிக்கு மாசம் 500 தனி" என்றால் வந்தவர் முகம் மாறிவிடும். கரண்டும் அப்படித்தான். அந்த வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால் "தனி ஈ.பி. கார்டு" என்று மூன்று சொல் சேர்த்துவிடுங்கள். உள் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீடுகளில் அடிபட்டவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

இனி அட்வான்ஸ். பத்து மாத வாடகையை வாங்குவது சென்னையில் நெடுநாள் பழக்கம். நீங்கள் கேட்பது அதைவிடக் குறைவுதான். ஆனால் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரு தரப்பும் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்வைப்புத் தொகை கூடாது என்கிறது. உங்கள் கணக்கில் அது 45,000. ஒரு லட்சம்தான் வேண்டும் என்றால் அதை விளம்பரத்திலேயே வெளிப்படையாகப் போட்டு, ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். என்னைக் கேட்டால் 45,000 போதும். நல்ல குடித்தனக்காரர் சீக்கிரம் கிடைப்பார். காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியது போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பதாக இருந்தால் அதையும் இப்போதே சொல்லுங்கள். வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் கடைசி நாளில் வரும் சண்டை பெரும்பாலும் அந்த ஒரு மாதப் பணத்துக்காகத்தான்.

"எல்லா வசதிகளும் அருகில்" என்ற வரியை அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக வாசலில் இருந்து ஸ்டேஷன் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். பைக்கில் ஐந்து நிமிடம் என்றால் நடையில் கால் மணி நேரம் ஆகலாம். தினமும் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் நடைக் கணக்கைத்தான் பார்ப்பார். ஸ்டேஷன், பஸ் நிறுத்தம், பள்ளி, மருந்துக்கடை என்று நான்கு இடம் போதும்.

பார்க்கும் நேரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாதக் கடைசி வரை பழைய குடித்தனக்காரர் உள்ளேதானே இருப்பார்? அவர் சாப்பிட உட்காரும்போது நாலு பேரை அழைத்துக்கொண்டு கதவைத் தட்டினால் அவருக்கும் கோபம், வந்தவருக்கும் சங்கடம். அவரைக் கேட்டு நேரம் குறியுங்கள். அதுவும் பகல் வெளிச்சத்தில். சுவரில் ஓதம் இருந்தால் வந்தவர் பகலிலேயே பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு பேச்சு வராது. ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம்; பார்க்கிறவர்களுக்காக அதையும் தவிர்த்துவிடலாம்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். வாடகையும் அட்வான்ஸும் தவிர மற்ற விவரங்கள் நான் வைத்தவை, உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"வீடு வாடகைக்கு. குரோம்பேட்டை, முதல் மாடி, 2 பெட்ரூம், 800 சதுர அடி. அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல். வாடகை ரூ.15,000, தண்ணீர் உட்பட. மெயின்டனன்ஸ் இல்லை. தனி ஈ.பி. கார்டு. அட்வான்ஸ் ரூ.45,000, காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிக்கப்படும். பைக் நிறுத்தலாம், கார் நிறுத்த இடமில்லை. ரயில் நிலையம் நடந்து 12 நிமிடம், பஸ் நிறுத்தம் 6 நிமிடம், பள்ளியும் மருந்துக்கடையும் அதே தெருவில். பார்க்கும் நேரம்: சனி, ஞாயிறு காலை 10.30 முதல் 1 வரை, போன் செய்துவிட்டு வரவும். புரோக்கர் வேண்டாம்."

"கார் நிறுத்த இடமில்லை" என்று நாமே சொல்வதா என்று தயங்காதீர்கள். கார் வைத்திருப்பவர் எப்படியும் அந்த வீட்டை எடுக்கப்போவதில்லை. அப்புறம், வீடு முடிந்ததும் அதே இடத்தில் "வாடகைக்கு விடப்பட்டது" என்று போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டதை யாராவது ஆறு மாதம் கழித்துக்கூட இன்னொருவருக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.