வீங்கிய காலும் வீங்காத காலும்: யானைக்கால் நோய் பற்றி நான்கு கேள்விகள்

என் மாமியார் கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூர் செங்காங்கில் எங்களோடு தங்க வருகிறார். பல வருடமாக இடது காலில் வீக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. பிள்ளைகள் தாராளமாகப் பாட்டி மடியில் உட்காரலாம். யானைக்கால் கொசு வழியாகத்தான் பரவும், அதுவும் மிக மெதுவாக. ரத்தத்தில் யானைக்கால் புழுவின் குஞ்சான நுண்புழு உள்ளவரைக் கடிக்கும் கொசுவுக்குள் அந்தப் புழு ஏறக்குறைய 10 முதல் 14 நாள் வளர்கிறது. அங்கே உருமாறுமே தவிர, எண்ணிக்கையில் பெருகாது. பிறகு அந்தக் கொசு இன்னொருவரைக் கடிக்கும்போது தோலில் இறங்கி, கடிவாய் வழியே நுழைந்து, நிணநீர்க் குழாய்களில் தங்கும். அங்கே முழுப் புழுவாக வளர 6 முதல் 12 மாதமாகும். ஆணும் பெண்ணும் சேர்ந்த பிறகே புதிய நுண்புழுக்கள் ரத்தத்துக்கு வரும். டெங்கியைப் போல ஒரே கடியில் வந்துவிடாது. நோயுள்ள ஊரில் மாதக்கணக்கில் கடிபட வேண்டும்.

உங்கள் மாமியாரின் நிலையில் உள்ள பெரும்பாலோர் ரத்தத்தில் நுண்புழுவே இருக்காது. புழு செத்த பிறகும் சேதமான குழாய்கள் அப்படியே இருப்பதால் வீக்கம் நிற்கிறது. ஆரம்பத்தில் இரவில் வடிந்து காலையில் கால் பழையபடி இருக்கும், பிறகு வடியாது, அதன் பிறகு தோல் தடித்து மடிப்பு விழும். இப்படி ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளுவது பெரும்பாலும் விரலிடுக்கு வெடிப்பு வழியே நுழையும் பாக்டீரியா. குளிர்காய்ச்சலோடு கால் சிவந்து கொதித்தால் அதுதான். உடனே மருத்துவரிடம் போங்கள், அந்த நேரத்தில் காலைத் தேய்த்துவிடாதீர்கள். மற்ற நாட்களில் சோப்பு போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தாலே காய்ச்சல் வரும் தடவைகள் குறையும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது வீடு வீடாக மாத்திரை கொடுத்தார்கள். எனக்கு நோயே இல்லையே, நான் ஏன் விழுங்க வேண்டும்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. வீங்கிய கால் கண்ணில் படுகிறது, ஆனால் நோயைப் பரப்புவது பெரும்பாலும் வீங்காத கால்தான். எந்த அறிகுறியும் இல்லாமல் வயலுக்கும் வேலைக்கும் போய்வருபவரின் ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் நுண்புழு இருக்கலாம். ஒவ்வொருவரையும் சோதித்துக் கண்டுபிடிப்பதைவிட எல்லோருக்கும் கொடுத்துவிடுவது எளிது. இந்தியாவில் பெரியவர்களுக்கு மூன்று டிஇசி மாத்திரை, ஓர் அல்பெண்டசோல். இரண்டு வயதுக்குக் கீழுள்ளவர்கள், கர்ப்பிணிகள், கடுமையாக நோயுற்றவர்களுக்குக் கிடையாது. வெறும் வயிற்றில் வேண்டாம். விழுங்கியபின் லேசான காய்ச்சலோ தலைவலியோ வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் நுண்புழுக்கள் சாவதன் எதிர்வினை அது.

இந்த மருந்து நுண்புழுவை நன்றாக ஒழிக்கும். தாய்ப்புழுக்கள் பல தப்பிவிடும், சில மாதத்தில் மறுபடி குட்டி போடும். தாய்ப்புழுவின் ஆயுள் 5 ஆண்டுக்கு மேல். அதனால்தான் வருடம் ஒருமுறை, குறைந்தது 5 ஆண்டு கொடுக்கிறார்கள். மொத்த மக்களில் 65 சதவீதமாவது விழுங்கியிருக்க வேண்டும் என்பது கணக்கு.

கணக்கு எங்கே பிசகும் என்று பாருங்கள். ஆயிரம் பேருள்ள ஊரில் 100 பேர் ரத்தத்தில் நுண்புழு என்று வைத்துக்கொள்வோம். 65 சதவீதம் பேர் விழுங்கினால் முதல் ஆண்டில் அந்த 100 பேரில் 35 பேர் மாத்திரை விழுங்காமல் விடுபடுவார்கள். அடுத்த ஆண்டு விடுபடுகிறவர்கள் வேறு வேறு ஆட்களாக இருந்தால், இரண்டு முறையும் தப்பியவர்கள் 12 பேர், மூன்றாம் முறைக்குப் பின் நாலு பேர். ஆனால் "எனக்கெதுக்கு" என்று ஒவ்வொரு வருடமும் அதே ஆட்கள் மறுத்தால், ஐந்தாம் ஆண்டிலும் அந்த 35 பேர் அப்படியே இருப்பார்கள். பதிவேட்டில் இரண்டு ஊரும் 65 என்றுதான் காட்டும். மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்பவரும் அதில் சேர்ந்துவிடுவார் என்பதால்தான் ஊழியர் முன்னாலேயே விழுங்கச் சொல்கிறார்கள். மாத்திரை நிறுத்தலாமா என்று முடிவு செய்யும்போது 6, 7 வயதுப் பிள்ளைகளைச் சோதிப்பார்கள். மாத்திரைத் திட்டம் நடந்த காலத்தில் வளர்ந்த அவர்களிடம் புழு இருந்தால், பரவல் இன்னும் ஓயவில்லை.

ஜூரோங்கில் வேலை செய்கிறேன். மதியம் ரத்தம் எடுத்துப் புழு இல்லை என்றார்கள். நம்பலாமா?

கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசிப் பார்த்தார்கள் என்றால், நம்ப வேண்டாம். நம் ஊர்ப்பக்கத்து நுண்புழு பகலில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் ஒதுங்கி, இரவில்தான் வெளியே சுற்றும். அதைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுதான். இரவு 10 மணி முதல் 2 மணிக்குள் எடுத்தால்தான் தெரியும். புழு வெளிவிடும் பொருளான ஆன்டிஜெனைத் தேடும் பட்டைச் சோதனையானால் பகலிலும் எடுக்கலாம். நோய் பரவும் ஊரிலிருந்து வந்திருக்கிறேன் என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். இங்கே கேட்கத் தோன்றாது.

ஈசூனில் விடும் வோல்பாக்கியா கொசு இதையும் தடுக்குமா?

இல்லை. அது டெங்கிக்காக விடப்படும் ஆண் ஏடிஸ் கொசு. யானைக்கால் புழுவுக்குள்ளும் ஒருவகை வோல்பாக்கியா பாக்டீரியா வாழ்கிறது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் அதைக் கொன்றால் தாய்ப்புழு மலடாகி மெல்லச் சாகும். பல வாரம் தினமும் சாப்பிட வேண்டிய மருந்து என்பதால் ஊர் முழுக்கக் கொடுக்க ஒத்துவராது.