பரிசு வவுச்சரை விற்பனையாக எழுதலாமா? மிச்சத் தொகையை எப்படிக் காப்பது?

கேள்வி: திண்டுக்கல்லில் இருந்து சுங்குடிச் சேலைகளைக் கடையிலும் இணையதளத்திலும் விற்கிறோம். சென்ற தீபாவளிக்கு 2,000 ரூபாய் பரிசு வவுச்சர்கள் விற்று, அந்தத் தொகையை அப்போதே விற்பனையில் எழுதிவிட்டோம். எங்கள் தளம் வூகாமர்ஸில் இயங்குகிறது. வவுச்சருக்கு அதிலுள்ள கூப்பனைத்தான் பயன்படுத்துகிறோம். ஒருவர் பாதித் தொகைக்கு வாங்கினால் மிச்சத்துக்குப் புதுக் கூப்பன் போட்டுக் கொடுக்கிறோம். இப்போது யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதே குழப்பமாக இருக்கிறது. ஜிஎஸ்டி எப்போது கட்ட வேண்டும், பயன்படுத்தாமல் விட்ட தொகையை என்ன செய்வது?

பதில்: உங்கள் குழப்பத்தின் வேர் கூப்பனில் இருக்கிறது. கூப்பன் என்பது நீங்கள் விலையில் விட்டுக்கொடுக்கும் தள்ளுபடி. பரிசு வவுச்சரோ வாடிக்கையாளர் முன்கூட்டியே கட்டிய பணம். அவர் பொருள் வாங்கும் நாளில் அது ரொக்கம், யுபிஐ போல ஒரு செலுத்துமுறையாக மட்டுமே பில்லில் வர வேண்டும். இந்த வேறுபாடு நடைமுறையில் என்ன செய்கிறது என்பதை ஒரே ஒரு வவுச்சரை வைத்துப் பார்க்கலாம்.

2025 அக்டோபர் 10 அன்று 2,000 ரூபாய்க்கு ஒரு வவுச்சர் விற்றதாகவும், நவம்பர் 12 அன்று அதை வைத்திருப்பவர் 1,500 ரூபாயும் 5 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 1,575 ரூபாய் ஆகும் சேலையை இணையத்தில் வாங்குவதாகவும் கொள்வோம். கூப்பனாகப் போட்டால் அந்த ஆர்டரின் மொத்தம் பூஜ்யம் என்று வரும். சேலை கடையை விட்டுப் போய்விட்டது, ஆனால் விற்பனையும் பூஜ்யம், 75 ரூபாய் வரியும் பூஜ்யம். போதாததற்கு, கூப்பன் ஒரே ஆர்டரோடு தீர்ந்துபோவதால் மிச்சம் 425 ரூபாய் எங்கும் பதிவாகாமல் மறைந்துவிடுகிறது. நீங்கள் 425 ரூபாய்க்குப் புதுக் கூப்பன் போட்டுக் கொடுத்தது இதனால்தான். அவர் ஜனவரியில் அதை வைத்து 1,680 ரூபாய் சேலை வாங்கினால், தளம் 1,255 ரூபாய்க்கு மட்டும் வரி கணக்கிட்டு 59.76 ரூபாய் என்று காட்டும். உண்மையில் அந்தச் சேலையின் விலை 1,600 ரூபாய், வரி 80 ரூபாய். ஒரு பில்லுக்கு 20.24 ரூபாய் குறைவு என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் எல்லா வவுச்சர் பில்களிலும் இதே குறை இருக்கும், தணிக்கையில் ஒன்றைப் பிடித்தால் அத்தனையையும் பிடித்துவிடுவார்கள்.

அக்டோபரிலேயே வரி கட்டிவிட்டோமே என்று நீங்கள் சொல்லக்கூடும். அதுவும் சரியான நாள் அல்ல. வவுச்சர் விற்பது பொருள் வழங்கலும் அல்ல, சேவை வழங்கலும் அல்ல என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2024 டிசம்பர் 31 தேதியிட்ட 243 எண் சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறது. வவுச்சருக்கு எந்த நாளில் வரி என்று தனியாகச் சொல்லிவந்த உட்பிரிவுகளை 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நீக்கியது. ஆகவே அந்த வவுச்சரைக் கொடுத்துச் சேலை வாங்கும் நாளில்தான், சேலையின் முழு விலைக்கு, சேலைக்குரிய விகிதத்தில் ஜிஎஸ்டி வரும். வவுச்சர் விற்கும்போது வரி பில் போட வேண்டாம். பணம் பெற்றதற்கான ரசீது போதும்.

கணக்கில் இதை எழுதும் முறை எளிது. நடப்புப் பொறுப்புகள் என்ற தலைப்பின் கீழ் ஒரு லெட்ஜர் திறந்துகொள்ளுங்கள். டேலியில் எல்லாப் பதிவுகளுக்குமே வவுச்சர் என்றுதான் பெயர் என்பதால், லெட்ஜருக்கு வெறுமனே அந்தப் பெயரை வைத்தால் ஆறு மாதம் கழித்து உங்கள் கணக்காளரே திண்டாடுவார். `Gift Card Payable` என்பதுபோல் வைப்பது நல்லது. அக்டோபர் 10 அன்று வங்கியில் 2,000 பற்று, இந்த லெட்ஜரில் 2,000 வரவு. நவம்பர் 12 அன்று 1,575 ரூபாய்க்கு முழுமையான வரி பில் போட்டு, செலுத்திய விதத்தில் இந்த லெட்ஜரை 1,575 பற்று எழுதுங்கள். டேலியின் கவுண்டர் பில்லில் பல வழிகளில் பணம் பெறும் வசதியைத் திறந்தால் `Gift Voucher` என்று தனி இடம் வரும். அதில் தேர்ந்தெடுக்கும் லெட்ஜர், வவுச்சர் விற்ற நாளில் வரவு வைத்த லெட்ஜரோடு சேர வேண்டும். மென்பொருள் வேறு லெட்ஜரைக் கேட்டால், மாதக் கடைசியில் ஒரு ஜர்னல் பதிவில் இரண்டையும் நேர் செய்துவிடுங்கள். இணையதளத்தில் கூப்பனை விட்டுவிட்டு, வரி கணக்கிட்ட பிறகு மொத்தத் தொகையிலிருந்து கழிக்கும் கிஃப்ட் கார்டு நீட்சி ஒன்றைப் போடுங்கள். போட்டதும் ஒரு சோதனை ஆர்டர் கொடுத்து, பில்லில் வரித் தொகை மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாறினால் அது பெயரளவில் மட்டுமே கிஃப்ட் கார்டு.

இனி மிச்சத் தொகைக்கு வருவோம். நான் கணக்குப் பார்த்த ஓர் இனிப்புக் கடையில், அட்டையின் பின்புறம் மிச்சத்தைப் பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஒரு நாள் 425 என்ற எண்ணின் 4-ஐ யாரோ 9 ஆக்கிவிட்டார்கள். அதை மறுக்கக் கடையில் எந்தச் சான்றும் இல்லை. மிச்சம் என்பது எழுதி வைக்கும் எண்ணாக இருக்கவே கூடாது, நடந்தவற்றைக் கூட்டிக் கழித்து ஒவ்வொரு முறையும் பெறும் எண்ணாக இருக்க வேண்டும். ஒரு விரிதாளில் தேதி, வவுச்சர் எண், நிகழ்வு, கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு தொகை, ஆவண எண் என ஐந்து பத்திகள் போதும். பழைய பதிவை அழிக்கவோ திருத்தவோ கூடாது. தவறு நேர்ந்தால் அதைச் சரிக்கட்டும் புதுப் பதிவு சேர்க்க வேண்டும். நாம் பார்த்த வவுச்சரின் வரலாறு இப்படி இருக்கும்:

```
2025-10-10  GV0127  விற்றது       +2000  R-311
2025-11-12  GV0127  பயன்படுத்தியது  -1575  S-842
2026-01-09  GV0127  பயன்படுத்தியது   -425  S-1017
2026-01-17  GV0127  திரும்பியது     +425  CN-22
```

தொகை `D` பத்தியிலும் எண் `B` பத்தியிலும் இருந்தால், இந்த வவுச்சரின் இன்றைய மிச்சம்:

```
=SUMIFS(D:D,B:B,"GV0127")
```

GV0127 போன்ற வரிசை எண்ணைக் கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் தளத்தில் தட்டச்சு செய்யும் குறியீடு யாராலும் ஊகிக்க முடியாதபடி எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட கோவையாக இருக்கட்டும்; GV0127 வைத்திருப்பவர் GV0128 என்று அடித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

விரிதாளின் நான்காவது பதிவு சேலையைத் திருப்பித் தந்த கதை. ஜனவரியில் வாங்கிய 1,680 ரூபாய் சேலைக்கு 425 வவுச்சரிலும் 1,255 யுபிஐயிலும் வந்தது. சேலை திரும்பும்போது 1,680 ரூபாய்க்கும் வரியோடு கிரெடிட் நோட் போட்டு, 1,255-ஐ யுபிஐக்கும் 425-ஐ அதே வவுச்சருக்கும் அனுப்ப வேண்டும். முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுத்தால் மிச்சக் கணக்கு குலைவதோடு வேறொரு சிக்கலும் வரும். தன் கடைப் பொருளுக்கு மட்டும் செல்லும், பணமாக மாற்ற முடியாத வவுச்சருக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. பணமாக மாற்றத் தொடங்கினாலோ, பக்கத்துக் கடையிலும் செல்லும் என்று ஏற்பாடு செய்துகொண்டாலோ இந்த விலக்கை நீங்களே இழந்துவிடுகிறீர்கள்.

ஒவ்வொரு மாதக் கடைசி நாளும் விரிதாளின் `D` பத்தியை மொத்தமாகக் கூட்டி, லெட்ஜரின் இருப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாதபோது எந்தப் பக்கம் அதிகம் என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். லெட்ஜரில் அதிகம் இருந்தால், யாரோ வவுச்சரைப் பழையபடி தள்ளுபடியாகப் பில்லில் போட்டிருக்கிறார்கள். பொறுப்பு குறையாமல் அப்படியே நிற்கிறது. விரிதாளில் அதிகம் இருந்தால், வவுச்சர் விற்ற பணத்தை யாரோ விற்பனையில் எழுதியிருக்கிறார்கள், அல்லது பணம் வாங்காமல் விளம்பரத்துக்குக் கொடுத்த வவுச்சர் இந்தத் தாளில் ஏறியிருக்கிறது. இலவசமாகக் கொடுப்பது உண்மையிலேயே தள்ளுபடிதான். அதற்குக் கூப்பன் பொருத்தமானது, அதன் எண்கள் வேறு எழுத்தில் தொடங்கட்டும்.

சென்ற தீபாவளிக்கு விற்றவற்றை இப்போது சரிசெய்ய, பழைய ரசீதுகளையும் கூப்பன் ஆர்டர்களையும் எடுத்து முதலில் விரிதாளை நிரப்புங்கள். இன்னும் பயன்படாமல் இருக்கும் தொகையை விற்பனையிலிருந்து பொறுப்பு லெட்ஜருக்கு ஜர்னல் பதிவால் மாற்றுங்கள். தாக்கல் செய்த ஜிஎஸ்டி படிவங்களைத் திருத்த, நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30 வரை இடம் உண்டு. ஆண்டுப் படிவத்தை அதற்கு முன்பே தாக்கல் செய்தால் அந்த நாளோடு வாய்ப்பு முடிந்துவிடும். எந்த மாதத்தில் எவ்வளவு திருத்துவது என்பதை மட்டும் உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

யாரும் கேட்டு வராத தொகை, வவுச்சரில் அச்சிட்ட காலாவதி நாள் வரை பொறுப்பாகவே இருக்க வேண்டும். மார்ச் 31 அன்று லாபம் குறைவாகத் தெரிகிறது என்பதற்காக அதை வருமானத்துக்குத் தள்ளுவது தவறு. காலாவதி ஆன பிறகு விரிதாளில் ஒரு கழித்தல் பதிவு எழுதி, லெட்ஜரிலிருந்து இதர வருமானத்துக்கு மாற்றலாம். பொருள் எதுவும் கைமாறாததால் அந்தத் தொகைக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதையும் அதே சுற்றறிக்கை சொல்கிறது; வருமான வரிக்கு அது வருமானம்தான். வவுச்சரில் நாள் அச்சிடாமல் விற்றிருந்தால், உங்கள் விருப்பப்படி ஒரு நாளைப் பிறகு அறிவித்துத் தொகையை எடுத்துக்கொள்ளாதீர்கள். காலாவதி ஆகி ஒரு வாரம் கழித்து ஒருவர் அட்டையோடு வந்தால் நான் மறுக்கமாட்டேன்: இதர வருமானத்திலிருந்து லெட்ஜருக்குத் திருப்பி, விரிதாளில் ஒரு கூட்டல் பதிவு சேர்த்து, வழக்கம்போல் முழு வரியோடு பில் போட்டால் போதும்.