ஹேக் ஆன வாட்ஸ்அப்: நண்பர்களுக்கு அனுப்பும் எச்சரிக்கையை எப்படி எழுதுவது?

கேள்வி: நேற்று மதியம் என் வாட்ஸ்அப்பை யாரோ பிடித்துவிட்டான். என் பேரில் எல்லாரிடமும் "அவசரம், 8,000 ரூபாய் ஜிபே பண்ணு, நாளைக்குத் தந்துடறேன்" என்று கேட்கிறான். மனைவியின் நம்பரிலிருந்து இப்படிப் போட்டேன்: "அன்பு நண்பர்களே, ஒரு முக்கிய அறிவிப்பு. என் அக்கவுண்டை ஹேக் செய்துவிட்டார்கள். சந்தேகத்துக்கிடமான மெசேஜ்களைப் புறக்கணிக்கவும். சிரமத்துக்கு வருந்துகிறேன். அதிகம் பகிரவும்." அதற்குப் பிறகும் இரண்டு பேர் பணம் அனுப்பிவிட்டார்கள். எப்படி மாற்றி எழுதுவது? – குமார்

பதில்: பணம் அனுப்பிய இருவருக்கும் திருடனின் மெசேஜ் சந்தேகத்துக்குரியதாகவே தெரிந்திருக்காது. நண்பனின் நம்பர், நண்பனின் போட்டோ, பழைய உரையாடலுக்குக் கீழேயே வந்த ஒரு சின்ன உதவி. "சந்தேகத்துக்கிடமான" என்று எழுதினால் எது சந்தேகம் என்று முடிவு செய்யும் வேலையைப் படிப்பவர் தலையில் கட்டிவிடுகிறோம். திருடன் எழுதிய வரியையே அப்படியே எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்தவர் பிறகு அதே வரி வந்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

அடுத்த கோளாறு, தொடக்கம். போன் திரையில் நோட்டிஃபிகேஷனாகத் தெரிவது முதல் வரிதான். உங்களுடையதில் அது "அன்பு நண்பர்களே, ஒரு முக்கிய அறிவிப்பு" என்று முடிந்துபோகிறது. தினம் பத்து வரும் ஃபார்வர்டுகளும் அப்படித்தான் தொடங்குகின்றன. கடைசியில் "அதிகம் பகிரவும்" வேறு! யார் எழுதியது, எந்த நம்பர், எப்போதிலிருந்து என்பது மட்டும் எங்குமே இல்லை.

மாற்றி எழுதினால் இப்படி வரும்:

> குமார் பேரில் பணம் கேட்டு வாட்ஸ்அப் வந்தால் அனுப்பாதீர்கள், அது நான் இல்லை. செவ்வாய் மதியம் 2 மணியிலிருந்து என் வாட்ஸ்அப் வேறொருவன் கையில் இருக்கிறது. "அவசரம், 8,000 ரூபாய் ஜிபே பண்ணு" என்று கேட்கிறான். 6 இலக்க கோட் கேட்டாலும் சொல்லாதீர்கள். சந்தேகம் இருந்தால் என் நம்பருக்குச் சாதாரண கால் செய்யுங்கள். வாட்ஸ்அப் கால் வேண்டாம். கணக்கு திரும்பக் கிடைத்ததும் நானே போனில் பேசிச் சொல்வேன். அதுவரை அந்த வாட்ஸ்அப்பிலிருந்து வரும் எதுவும் என்னுடையது அல்ல. பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு கால் செய்யுங்கள்.

"வாட்ஸ்அப் கால் வேண்டாம்" என்பதை எடுத்துவிடாதீர்கள். நண்பர்கள் சரிபார்க்க நினைத்தால் அதே சாட்டில் "டேய், நீதானா?" என்றுதான் கேட்பார்கள். "ஆமாடா" என்று பதில் சொல்லப்போவது திருடன். வாட்ஸ்அப் காலும் அவனுக்கே போகும். சாதாரண கால் உங்கள் சிம்முக்கு வரும், ஆனால் ஒரு நிபந்தனை. *401* என்று தொடங்கும் எண்ணை டயல் செய்யச் சொல்லி உங்களை ஏமாற்றியிருந்தால், உங்கள் கால்கள் அவன் போனுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கும். அதனால் எச்சரிக்கையை அனுப்பும் முன் உங்கள் போனில் இதை டயல் செய்யுங்கள். எல்லா கால் ஃபார்வர்டிங்கும் ரத்தாகும்:

```
##002#
```

பிறகு வேறொரு போனிலிருந்து உங்கள் நம்பருக்கு ஒரு கால் செய்து, உங்களிடம் மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.

"நானே போனில் பேசிச் சொல்வேன்" என்ற வரியும் காரணத்தோடுதான் இருக்கிறது. உங்கள் எச்சரிக்கை பரவியதும் அவன் அதே கணக்கிலிருந்து "அக்கவுண்ட் திரும்பக் கிடைச்சிடுச்சு, இப்ப ஓகே" என்று போடலாம். அந்த வழியை முன்கூட்டியே அடைக்கிறது இது.

எச்சரிக்கையில் லிங்க், புது நம்பர், க்யூஆர் கோட் எதையும் சேர்க்காதீர்கள். இருந்தால் அதுவே மோசடி போலத் தெரியும், நியாயமான சந்தேகம்தான்.

மனைவியின் நம்பரிலிருந்து எழுத்தாக மட்டும் அனுப்பினால் பலர் நம்பத் தயங்குவார்கள். முதல் இரண்டு வரிகளை உங்கள் குரலில் வாய்ஸ் மெசேஜாகவும் சேர்த்து அனுப்புங்கள். ப்ராட்காஸ்ட் லிஸ்ட் வேண்டாம். மனைவியின் நம்பரை சேவ் செய்யாதவர்களுக்கு அது போய்ச் சேராது. நீங்கள் அட்மினாக இருக்கும் குரூப்பிலும் கவனம் வேண்டும். அங்கே உங்கள் கணக்கை வைத்திருப்பவனும் அட்மின்தான், மற்றவர் போட்ட எச்சரிக்கையை எல்லாருக்கும் அழித்துவிட முடியும். இன்னொரு அட்மினிடம் சொல்லி உங்கள் கணக்கை முதலில் நீக்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் பார்க்காத பெரியவர்களுக்கு எஸ்எம்எஸ். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துக்குறிகள்தான்; புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். இது அதற்குள் அடங்கும்:

> என் வாட்ஸ்அப் ஹேக். பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். குமார்

இதற்கிடையே உங்கள் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்க கோடைப் போடுங்கள். அந்த நொடியே அவன் வெளியேற்றப்படுவான். அவன் வைத்த PIN நம்பரைக் கேட்டு நின்றால் 7 நாள் காத்திருக்க வேண்டும், உங்களாலும் உள்ளே போக முடியாது. அப்போது எச்சரிக்கையில் ஒரு வரியை மட்டும் மாற்றி மறுபடி அனுப்புங்கள்: "அடுத்த புதன் வரை நான் வாட்ஸ்அப்பில் இல்லை."