சொந்தமாக மண் அள்ளும் இயந்திரம் வாங்கி ஓட்டினால் மணிக்கு எவ்வளவு செலவாகும்? டீசலும் ஆபரேட்டர் சம்பளமும் போக மீதி லாபம்தானே?

இல்லை. பெரும்பாலும் அந்த இரண்டும் சேர்ந்து மொத்தச் செலவில் பாதிகூட வராது.

ஒரு 20 டன் எக்ஸ்கவேட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் விலையை 1,00,000 என்று வைத்து மற்றதையெல்லாம் அதே அளவில் சொல்கிறேன். உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 2,000 மணி வீதம் 5 ஆண்டு ஓட்டி, கடைசியில் 25,000-க்கு விற்பதாகக் கணக்கு. இடையில் கரையும் 75,000-ஐ 10,000 மணியால் வகுத்தால் தேய்மானம் மணிக்கு 7.5.

அப்புறம் வட்டி. கடன் வாங்காமல் கைக்காசில் வாங்கினாலும் இதைப் போட வேண்டும், அந்தப் பணம் வேறு எதிலும் சம்பாதிக்கவில்லையே. இயந்திரத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் முழு விலைக்கு வட்டி போடக் கூடாது. ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் உள்ள மதிப்பு 100, 85, 70, 55, 40 ஆயிரம், சராசரி 70,000. வட்டியும் இன்சூரன்ஸும் சேர்த்து 12 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 8,400, அதாவது மணிக்கு 4.2.

டீசல் 11, ஆபரேட்டர் 4, ரிப்பேரும் செயின், ரோலர் தேய்மானமும் 6 என்று வைத்தால் மொத்தம் மணிக்கு 32.7.

இதே இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 1,000 மணிதான் வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். குறைவாக ஓடியதால் 30,000-க்கு விற்கும், சரி. ஆனாலும் தேய்மானம் 14 ஆகிறது, வட்டியும் இன்சூரன்ஸும் சுமார் 8.6, மாதச் சம்பள ஆபரேட்டர் 8. டீசலும் ரிப்பேரும் முன்போலவே 11, 6. மொத்தம் 47.6. டீசல் விலை ஏறாமலே செலவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அதனால் வாங்கும் முன் ஆண்டுக்கு எத்தனை மணி வேலை நிச்சயம் என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

ரிப்பேர் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். புது இயந்திரத்துக்கு முதல் ஆண்டில் ஆயிலும் ஃபில்டரும் தவிர அதிகம் ஆகாது. அதைப் பார்த்து மணிக்கு 1 போதும் என்று நினைத்தால், பிறகு செயினும் ஹைட்ராலிக் பம்பும் ஒன்றாகச் செலவு வைக்கும்போது பணம் இருக்காது. பாறையும் மணலும் உள்ள இடத்தில் செயின் இன்னும் சீக்கிரம் தேயும். முதல் மணியிலிருந்தே அந்த 6-ஐத் தனியாக எடுத்து வையுங்கள்.

டீசலுக்குக் கம்பெனிக் கணக்கை நம்ப வேண்டாம். டாங்கை முழுக்க நிரப்பி மீட்டரைக் குறித்து, அடுத்த முறை முழுக்க நிரப்பும்போது பிடித்த லிட்டரை இடையில் ஓடிய மணியால் வகுத்தால் உண்மை அளவு கிடைக்கும்.

லாரிக்காகக் காத்திருக்கும்போது எஞ்சின் ஓடினாலும் மீட்டர் ஓடும், ஆனால் அந்த நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. மீட்டரில் 2,000 மணி ஏறி, பில் போட்டது 1,600 மணி என்றால், ஆண்டுச் செலவு 65,400-ஐ 1,600-ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு 40.9 வருகிறது. வாடகை பேசும்போது இதற்குக் கீழே இறங்கினால் நஷ்டம்.