சிப்ஸ் பாக்கெட்டில் 631, 471 இருந்தால் சைவமா?

கேள்வி: சிங்கப்பூரில் வாங்கும் பாக்கெட்டுகளில் 621, 631, 471 என்று எண்கள் போட்டிருக்கிறார்கள். நாங்கள் சுத்த சைவம். எதைத் தவிர்க்க வேண்டும்?

முதலில் 631-ஐப் பாருங்கள். போன புரட்டாசியில் தேக்காவில் வாங்கிய ஒரு சிப்ஸ் பாக்கெட்டால்தான் இதை நான் கற்றுக்கொண்டேன். முகப்பில் தக்காளிப் படமும் ‘காய்கறிச் சுவை’ என்ற வரியும் இருந்தன. ஹலால் முத்திரையும் இருந்தது. "இது சைவந்தானேம்மா?" என்று அம்மா கேட்டதும் பின்பக்கம் திருப்பினேன். பொருள் பட்டியலின் கடைசியில் ‘சுவைகூட்டி (621, 627, 631)’, ‘குழம்பாக்கி (471)’ என்று பொடி எழுத்தில் இருந்தது.

எல்லோரும் பயப்படும் 621 அஜினமோட்டோதான். இப்போது அதைக் கரும்புப் பாகு, மரவள்ளி மாவு போன்றவற்றை நொதிக்க வைத்தே எடுக்கிறார்கள். அதனால் சைவத்துக்குப் பழுதில்லை. சிக்கல் 631-இல். அதை மாவிலிருந்தும் நொதிக்க வைத்து எடுக்கலாம், மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ எடுக்கலாம். எப்படி எடுத்தாலும் எண் ஒன்றுதான். அந்த எண் என்ன பொருள் என்று சொல்லும். எதிலிருந்து வந்தது என்று சொல்லாது. 627-உம் 631-உம் கலந்த கலவைக்கு 635 என்று பெயர், ஆகவே அதற்கும் இதே சந்தேகம் பொருந்தும். எண்ணுக்கு முன்னால் ‘E’ என்ற ஆங்கில எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருள் மாறாது.

ரொட்டி, ஐஸ்கிரீமில் அடிக்கடி வரும் 471 கொழுப்பிலிருந்து செய்வது. பனை எண்ணெயாகவும் இருக்கலாம், மாட்டுக் கொழுப்பாகவும் இருக்கலாம். ஹலால் முத்திரை பன்றியும் மதுவும் இல்லை என்று உறுதி தரும். ஆனால் மீனும் முறைப்படி அறுத்த மாடும் ஹலால்தான், அதனால் சைவத்துக்கு அந்த முத்திரை பதிலாகாது. இதை நம் ஆட்கள் பலர் கவனிப்பதே இல்லை.

சந்தேகமே இல்லாமல் தவிர்க்க வேண்டிய எண் 120. இளஞ்சிவப்புத் தயிரிலும் மிட்டாயிலும் வரும் அந்தச் சாயம் எப்போதும் பூச்சியிலிருந்துதான் வருகிறது.

அந்தச் சிப்ஸ் நிறுவனத்துக்கு எழுதினேன். "சைவமா?" என்று கேட்டதற்கு "ஹலால் சான்று உண்டு" என்று பதில் வந்தது. மறுபடியும் பாக்கெட்டின் தொகுதி எண்ணைக் கொடுத்து, "631 எதிலிருந்து, 471 எதிலிருந்து?" என்று தனித்தனியாகக் கேட்டேன். நாலு நாள் கழித்து, 471 பனை எண்ணெயிலிருந்து, 631 மீனிலிருந்து என்று எழுதினார்கள். நீங்களும் இப்படி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தியாவில் விற்பதற்காக அச்சிட்ட பாக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் அதை நம்பி எடுக்கிறேன். அதே பிராண்ட் வேறு நாட்டில் செய்து வந்திருந்தால் புள்ளி இருக்காது, சேர்மானமும் மாறியிருக்கலாம். சில நேரம் இறக்குமதியாளர் ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கர் அந்தப் புள்ளியையே மறைத்துவிடும். ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள்.